பள்ளி சர்க்குலரைத் தமிழ் மட்டும் படிக்கும் பெற்றோருக்கு மொழிபெயர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மெட்ரிக் பள்ளிகளிலும் சிபிஎஸ்இ பள்ளிகளிலும் சர்க்குலர் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வருகிறது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அது விழுந்த அடுத்த நிமிடமே "இதுல என்ன போட்டிருக்கு?" என்று யாராவது கேட்பார்கள், இன்னொருவர் அவசரமாக இரண்டு வரியில் பதில் போடுவார், பாதிப் பேர் அந்த இரண்டு வரியை நம்பித்தான் பிள்ளையை அனுப்புவார்கள். அந்த வேலையை ஒழுங்காகச் செய்ய நினைக்கும் ஆசிரியர், அலுவலகப் பணியாளர், வகுப்புக் குழுவில் இருக்கும் அம்மா அப்பா, காலேஜ் படிக்கும் அக்கா அண்ணன் எல்லோருக்கும்தான் இது.

ஒரு சர்க்குலரை எடுத்துக்கொண்டு கடைசிவரை செய்து பார்ப்போம். பள்ளி கற்பனை, தேதிகள் 2025ஆம் ஆண்டு நாள்காட்டிப்படி. செப்டம்பர் 8 தேதியிட்ட ஒரு பக்கத் தாள். 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்குக் காலாண்டுத் தேர்வு செப்டம்பர் 15 முதல் 26 வரை. 6, 8 வகுப்புகளுக்கு முற்பகல், 7, 9 வகுப்புகளுக்குப் பிற்பகல் 1.30 முதல் 4 மணி வரை. வராதவர்களுக்கு மறுதேர்வு இல்லை. விடுமுறை 27.09 முதல் 05.10 வரை, பள்ளி திறப்பது 06.10. அக்டோபர் 11 சனிக்கிழமை வேலைநாள், அன்று திங்கட்கிழமை டைம்டேபிள். இரண்டாம் டேர்ம் ஃபீஸ் ரூ.9,500, அக்டோபர் 10 அன்றோ அதற்கு முன்போ. அதற்குப் பிறகு 17ஆம் தேதி வரை நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம். ஏற்கெனவே கட்டியிருந்தால் "கைன்ட்லி இக்னோர்". கடைசியில் கிழித்துக் கொடுக்கும் சீட்டு. வழக்கமான சர்க்குலர்தான்.

முதலில் பேனாவை எடுக்காதீர்கள், போனை எடுங்கள்

ஆங்கிலத்தில் படிக்கும்போது தெளிவாகத் தெரிகிற பல வரிகள் தமிழில் எழுத உட்கார்ந்ததும் ஓட்டை விழுந்து நிற்கும். அந்த ஓட்டையை நம் ஊகத்தால் அடைப்பதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய ஆபத்து. அதனால் தாளை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு, ஒரு அம்மாவோ அப்பாவோ இதைக் கையில் வைத்துக்கொண்டு என்னவெல்லாம் கேட்பார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு பணம், எந்தத் தேதி, எங்கே கட்டுவது, பிள்ளை எந்த நாள் எத்தனை மணிக்குப் போக வேண்டும், எப்போது வீட்டில் இருக்கும், தவறினால் என்ன ஆகும்: பெரும்பாலும் இவ்வளவுதான். இதில் எதற்குத் தாளில் பதில் இல்லையோ, அதைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

நம் தாளில் ஐந்து ஓட்டைகள் இருக்கின்றன. அபராதம் நாளொன்றுக்கு 50 என்றால் இடையில் வரும் ஞாயிறும் கணக்கில் சேருமா? பிற்பகல் தேர்வு எழுதும் 7ஆம் வகுப்புப் பிள்ளை காலையிலேயே வர வேண்டுமா, மதியம் வந்தால் போதுமா? முற்பகல் தேர்வு முடித்த 6ஆம் வகுப்புப் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுமா? ஆர்.டி.இ. 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைகளுக்கும் இந்த ஃபீஸ் உண்டா? அக்டோபர் 17க்கும் மேல் போனால் என்ன?

இரண்டாவது, மூன்றாவது கேள்விகள் சின்னதாகத் தெரியும். ஆனால் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு அவைதான் முக்கியம். சாப்பாடு கட்டிக் கொடுப்பதா, மதியம் யாராவது போய் அழைத்து வருவதா, பள்ளிப் பேருந்து நடுவில் ஓடுமா, எல்லாமே அதில்தான் இருக்கிறது. சர்க்குலர் எழுதியவருக்கு இதெல்லாம் தெரியும் என்பதால் எழுதியிருக்க மாட்டார்.

அலுவலகம் சொன்ன பதில்கள் இவை என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறும் சேரும். எல்லாப் பிள்ளைகளும் வழக்கமான நேரத்துக்கே வர வேண்டும், தேர்வு இல்லாத பாதி நாள் வகுப்பில் உட்கார்ந்து படிப்பார்கள், பேருந்து நேரத்தில் மாற்றம் இல்லை. ஆர்.டி.இ. பிள்ளைகளுக்கு இந்த ஃபீஸ் கிடையாது. 17க்கு மேல் போனால் பெற்றோர் முதல்வரை நேரில் பார்க்க வேண்டும். யார் சொன்னார்கள், எந்தத் தேதியில் சொன்னார்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது "அப்படித் தாளில் இல்லையே" என்றால் தேவைப்படும்.

தேதிகளை நாள்காட்டியோடு ஒத்துப் பாருங்கள்

ஒவ்வொரு தேதிக்கும் கிழமையைச் சேர்த்து எழுதுவது கட்டாயம் என்றே சொல்வேன். 06.10 என்று மட்டும் போட்டால் பாதிப் பேர் மனதில் நிற்காது. "அக்டோபர் 6, திங்கட்கிழமை" என்றால் நிற்கும். மாதத்தையும் எழுத்தில் எழுதிவிடுங்கள், வெறும் 05.10 என்பதைப் போனில் அவசரமாகப் பார்க்கிறவர் மே மாதம் 10ஆம் தேதி என்று படித்துவிட வாய்ப்பு உண்டு.

கிழமை சேர்ப்பதில் இன்னொரு லாபம், மூலத்தில் இருக்கும் தவறு வெளியே வந்துவிடும். பழைய சர்க்குலரின் மேலேயே தேதியை மாற்றிப் புதிய சர்க்குலர் அடிக்கிற அலுவலகங்களில் தேதி மாறியிருக்கும், கிழமை போன வருடத்தினுடையதாக அப்படியே நிற்கும். தாளில் "திங்கட்கிழமை 07.10.2025" என்று இருந்தால், 2025 அக்டோபர் 7 செவ்வாய்க்கிழமை என்று நாள்காட்டி சொல்லும். எது சரி என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், பள்ளியைக் கேளுங்கள்.

இப்போது ஃபீஸ் தேதியைப் பாருங்கள். ஆங்கிலத்தில் "ஆன் ஆர் பிஃபோர்" 10ஆம் தேதி. இதைப் "10ஆம் தேதிக்குள்" என்று எழுதுவதுதான் நம் கைப்பழக்கம், ஆனால் அதில் 10ஆம் தேதி சேருமா சேராதா என்று ஆளுக்கு ஆள் மாறிப் படிப்பார்கள். "அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை வரை கட்டலாம். 11ஆம் தேதி கட்டினால் அபராதம் உண்டு" என்று இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டால் சந்தேகம் தீர்ந்தது. அதோடு நாள்காட்டியைப் பார்த்தால் அக்டோபர் 11 இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை, 12 ஞாயிறு. வங்கியில் சலான் கட்டுகிற வழக்கமுள்ள பள்ளி என்றால், ஒருநாள் தவறவிட்ட பெற்றோருக்கு அடுத்த வாய்ப்பு 13ஆம் தேதி திங்கட்கிழமைதான், அதற்குள் மூன்று நாள் அபராதம் 150 ரூபாய் ஏறியிருக்கும். 11ஆம் தேதி பள்ளி வேலைநாள் என்பதால் வங்கியும் இருக்கும் என்று நினைத்துப் போய் நிற்பவர்களும் உண்டு. இது மூலத்தில் இல்லாத தகவல்தான், ஆனாலும் ஒரு வரி சேர்ப்பேன், அடியில் "குறிப்பு" என்று தனியாக, பள்ளி சொன்னதோடு கலக்காமல்.

விடுமுறையிலும் இதே கதை. 27 முதல் 5 வரை என்றால் இரு முனை நாள்களும் சேர்ந்ததா என்பதை எழுதிவிட்டு, பிள்ளை திரும்பிப் போக வேண்டிய நாளைத் தனி வரியில் எழுதுங்கள். ஊருக்குப் போக டிக்கெட் போடுகிறவர்கள் தேடுவது அந்த ஒரு தேதியைத்தான்.

பணம் பற்றிய வரிகள்

இங்கே தூய தமிழும் வேண்டாம், முழு ஆங்கிலமும் வேண்டாம். ஃபீஸ் கவுன்டரில், சலானில், ரசீதில் என்ன சொல் இருக்கிறதோ அதை விடாதீர்கள். பெற்றோர் கவுன்டரில் போய் "இரண்டாம் டேர்ம் ஃபீஸ்" என்றுதான் கேட்பார்கள், "இரண்டாம் பருவக் கல்விக் கட்டணம்" என்று நாம் எழுதிக் கொடுத்தால் அது வேறு ஏதோ புதுக் கட்டணம் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். டேர்ம், ஃபீஸ், சலான், ரசீது, ஹால் டிக்கெட் எல்லாம் அப்படியே தமிழ் எழுத்தில் போகட்டும். "டியூஸ்" என்பதை "பாக்கி" என்று எழுதினால் எல்லோருக்கும் புரியும், "நிலுவை" கொஞ்சம் அலுவலக வாடை.

அபராதத்தை விகிதமாக மட்டும் சொல்லாமல் ஒரு கணக்காகவும் போட்டுக் காட்டுங்கள். "அக்டோபர் 15, புதன்கிழமை கட்டினால் 5 நாள் அபராதம் 250 ரூபாய் சேர்த்து மொத்தம் 9,750 ரூபாய்." இப்படி ஒரு உதாரணம் போதும். எந்த நாளிலிருந்து எண்ணுகிறார்கள், ஞாயிறு சேருமா என்ற இரண்டு கேள்விக்கும் அதற்குள்ளேயே பதில் இருக்கிறது. அலுவலகத்தில் கேட்காமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது என்பதையும் கவனியுங்கள்.

"கைன்ட்லி இக்னோர்" வரியை "இதைப் புறக்கணிக்கவும்" என்று எழுதிய தாள்களை நிறையப் பார்க்கலாம். ஃபீஸ் கட்டிவிட்ட அப்பா அதைப் படித்தால் முழுச் சர்க்குலரும் தனக்கு இல்லை என்று மடித்து வைத்துவிடுவார், தேர்வு நேரமும் அதோடு போய்விடும். "ஏற்கெனவே கட்டியவர்கள் திரும்பக் கட்ட வேண்டாம்" என்று எழுதி, ஃபீஸ் பகுதிக்குள்ளேயே வையுங்கள். கடைசி வரியாக விடாதீர்கள்.

ஆப்பில் கட்டுகிற பள்ளி என்றால் திரையில் தெரியும் பெயர்களை மொழிபெயர்க்காதீர்கள். `Pay Fees` என்று பட்டனில் இருந்தால் நம் தாளிலும் `Pay Fees` என்றே இருக்கட்டும், பக்கத்தில் அது எந்த இடத்தில், என்ன நிறத்தில் இருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவரும் எழுத்தின் வடிவத்தை வைத்து ஒத்துப் பார்த்து அழுத்திவிடுவார். டிடி யார் பெயரில் எடுப்பது, கணக்கு எண் என்ன என்பதெல்லாம் மூலத்திலிருந்து எழுத்துக்கு எழுத்து ஒட்டப்பட வேண்டியவை, கையால் திரும்ப அடிக்க வேண்டாம்.

"வேண்டும்", "லாம்", "மாட்டார்கள்"

சர்க்குலரில் உள்ள வினைச்சொல்லின் அழுத்தம் மாறாமல் வர வேண்டும், இதில் நம் இரக்கத்துக்கும் இடமில்லை, கோபத்துக்கும் இடமில்லை. "ஷல்" என்று இருந்தால் "வேண்டும்". "மே" என்று இருந்தால் "லாம்". "பாக்கி உள்ளவர்களின் ஹால் டிக்கெட் நிறுத்தி வைக்கப்படலாம்" என்று பள்ளி எழுதியிருக்க, "நிறுத்தி வைக்கப்படும்" என்று நாம் எழுதினால் ஒரு குடும்பம் அன்றைக்கே நகையை அடகு வைக்க ஓடும். மாறாக, பள்ளி உறுதியாகச் சொன்னதை நாம் மென்மையாக்கினால் பிள்ளை வகுப்பு வாசலில் நிற்கும். பள்ளி கேட்பது நியாயம் இல்லை என்று உங்களுக்குத் தோன்றினால் அதைப் பள்ளியிடம் தனியாகப் பேசுங்கள், மொழிபெயர்ப்புக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். தமிழ்நாட்டில் தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு குழுவே இருக்கிறது, கேட்க வேண்டியதை அங்கே கேட்கலாம்.

செயப்பாட்டு வினையைக் குறையுங்கள். "மறுதேர்வு நடத்தப்பட மாட்டாது" என்பதைவிட "தேர்வுக்கு வராதவர்களுக்குத் திரும்பத் தேர்வு கிடையாது" என்பது சீக்கிரம் புரியும். அதே போல "வார்டு" என்று மூலத்தில் இருப்பதை "உங்கள் பிள்ளை" என்று எழுதுங்கள். "மகன்/மகள்" என்று சாய்கோடு போட்டு எழுதினால் அரசுப் படிவம் போல ஆகிவிடும். பெற்றோரை "நீங்கள்" என்றே விளியுங்கள், "அனுப்புங்கள், கட்டுங்கள்" போதும், மரியாதையும் இருக்கும், அருகிலும் இருக்கும்.

தேர்வுப் பகுதி

காலாண்டு, அரையாண்டு, முழுஆண்டு என்ற பெயர்கள் எல்லோருக்கும் தெரியும், பிரச்சினை இல்லை. முற்பகல், பிற்பகல் என்று எழுதினாலும் மணியைச் சேர்த்துவிடுங்கள். "போர்ஷன்" என்ற சொல்லை அப்படியே விடலாம், வீட்டில் பிள்ளைகள் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பாடத் தலைப்புகளை மட்டும் மொழிபெயர்க்காதீர்கள். பிள்ளை ஆங்கில வழியில் படிக்கிறது, அதன் புத்தகத்தில் ஆங்கிலத் தலைப்புதான் இருக்கும், அதனால் "சயின்ஸ் 1 முதல் 6 பாடங்கள்" என்று எண்ணால் குறித்தால் அம்மா புத்தகத்தைப் பார்த்தே எந்தப் பாடம் என்று சொல்லிவிடலாம்.

அட்டவணையாக வந்தால் ஒரு எச்சரிக்கை. நான்கு வகுப்புக்கும் சேர்த்து ஒரே அட்டவணையை அனுப்பினால் போன் திரையில் கடைசிப் பத்தி வெட்டுப்பட்டுப் போகும், அல்லது 8ஆம் வகுப்பு வரிசையை 7ஆம் வகுப்பு அம்மா படித்துவிடுவார். வகுப்பு வாரியாகப் பிரித்து, ஒரு நாளுக்கு ஒரு வரி என்று எழுதி, அந்தந்த வகுப்புக் குழுவில் மட்டும் போடுங்கள். கொஞ்சம் கூடுதல் வேலைதான்.

சேர்த்து எழுதினால் இப்படி வரும்

மூலத்தில் முதலில் ஃபீஸ், அப்புறம் விடுமுறை, கடைசியில் தேர்வு என்று இருக்கலாம். நான் நாள் வரிசையில் மாற்றிவிடுவேன், எது முதலில் வருகிறதோ அது மேலே. 7ஆம் வகுப்புக்கு எழுதினால்:

அன்புள்ள பெற்றோருக்கு,

இது 7ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு. பள்ளியின் 8.9.2025 தேதியிட்ட சர்க்குலரின் தமிழ் வடிவம்.

தேர்வு: காலாண்டுத் தேர்வு செப்டம்பர் 15, திங்கட்கிழமை தொடங்கி 26, வெள்ளிக்கிழமை முடிகிறது. தேர்வு மதியம் 1.30 முதல் 4 மணி வரை. ஆனால் பிள்ளையை எப்போதும் போலக் காலையிலேயே அனுப்புங்கள், மதியச் சாப்பாடும் கொடுத்து அனுப்புங்கள். பள்ளிப் பேருந்து நேரத்தில் மாற்றம் இல்லை. தேர்வுக்கு வராதவர்களுக்குத் திரும்பத் தேர்வு கிடையாது.

விடுமுறை: செப்டம்பர் 27, சனிக்கிழமை முதல் அக்டோபர் 5, ஞாயிற்றுக்கிழமை வரை, இந்த இரண்டு நாளும் சேர்த்து விடுமுறை.
பள்ளி திறக்கும் நாள் அக்டோபர் 6, திங்கட்கிழமை.
அக்டோபர் 11, சனிக்கிழமை பள்ளி உண்டு. அன்று திங்கட்கிழமைப் பாடங்கள் நடக்கும், திங்கட்கிழமைக்கான புத்தகங்களைக் கொடுத்து அனுப்புங்கள்.

ஃபீஸ்: இரண்டாம் டேர்ம் ஃபீஸ் ரூ.9,500, ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை வரை அபராதம் இல்லாமல் கட்டலாம். 11ஆம் தேதியிலிருந்து ஒரு நாளுக்கு 50 ரூபாய் அபராதம், ஞாயிற்றுக்கிழமையும் சேரும். உதாரணமாக 15ஆம் தேதி கட்டினால் மொத்தம் 9,750 ரூபாய். கடைசி நாள் அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை. அதற்கு மேல் போனால் முதல்வரை நேரில் பார்க்க வேண்டும். ஏற்கெனவே கட்டியவர்கள் திரும்பக் கட்ட வேண்டாம். ஆர்.டி.இ.யில் சேர்ந்த பிள்ளைகளுக்கு இந்த ஃபீஸ் கிடையாது.

குறிப்பு: அக்டோபர் 11 இரண்டாவது சனிக்கிழமை, வங்கி இருக்காது. இது மொழிபெயர்த்தவர் சேர்த்தது.

கிழித்துக் கொடுக்கும் சீட்டை விட்டுவிடாதீர்கள்

மொழிபெயர்க்கிறவர்கள் பெரும்பாலும் கைவிடுகிற இடம் இதுதான், நான் மிகவும் வற்புறுத்துகிற இடமும் இதுதான். மேலே உள்ளது தகவல், சீட்டில் பெற்றோர் கையெழுத்துப் போடுகிறார். அதில் "படித்தேன், புரிந்துகொண்டேன்" என்று மட்டுமா இருக்கிறது, அல்லது "குறித்த தேதிக்குள் கட்ட ஒப்புக்கொள்கிறேன்", "கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்க மாட்டேன்" என்றும் இருக்கிறதா? ஒரு சொல் விடாமல் தமிழில் கொடுங்கள். முடிந்தால் சீட்டையே தமிழும் ஆங்கிலமுமாக அச்சடிக்கச் சொல்லி அலுவலகத்தில் கேளுங்கள், மறுக்கிற பள்ளிகள் குறைவு.

அனுப்புவதற்கு முன்

தமிழை யூனிகோடில் அடியுங்கள். அலுவலகக் கணினியில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் தெரியும். படமாக மட்டும் அனுப்பாமல் எழுத்தாகவும் அனுப்புங்கள், பார்வை மங்கியவர்கள் பெரிதாக்கிப் படிக்கலாம், போனை வாசிக்க வைத்தும் கேட்கலாம்.

பிறகு சோதனை. ஆங்கிலம் படிக்காத ஒருவரிடம், பள்ளி ஆயாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, தாளைக் கொடுத்து "புரியுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரியுது என்றுதான் சொல்வார்கள். "13ஆம் தேதி கட்டினா எவ்வளவு கொண்டு போவீங்க? தேர்வு அன்னைக்குப் பிள்ளையை எத்தனை மணிக்கு அனுப்புவீங்க? லீவு முடிஞ்சு என்னைக்குப் பள்ளிக்கூடம்?" என்று கேளுங்கள். 9,650 என்று பதில் வந்தால் ஃபீஸ் பகுதி சரி. அவர் தாளில் திரும்பத் திரும்பத் தேடினாலோ, மதியம்தான் அனுப்புவேன் என்று சொன்னாலோ, அந்த வரியை மாற்றி எழுத வேண்டும்.

அதன் பிறகு பள்ளி அலுவலகத்தில் ஒருவர் பார்த்துச் சரி சொல்லட்டும், குறிப்பாக நீங்கள் போனில் கேட்டுச் சேர்த்த வரிகளை. அனுப்பிய பின் பள்ளி ஏதாவது தேதியை மாற்றினால் முழுத் தாளையும் திருத்தி மறுபடி போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், எது மாறியது என்று யாருக்கும் தெரியாது. முதல் வரியில் "மாற்றம்: பள்ளி திறக்கும் நாள் அக்டோபர் 6 அல்ல, அக்டோபர் 7, செவ்வாய்க்கிழமை. மற்றவை அப்படியே" என்று போடுங்கள், பழைய செய்தியைக் குழுவிலிருந்து நீக்கக் கிடைக்கும் நேரத்துக்குள் நீக்கிவிடுங்கள்.